ஐம்பதா, அறுபதா?

கேள்வி: "சாப்பாட்டுக்கு 50 வெள்ளி வரை, ரசீதுடன், மேலாளர் ஒப்புதலுடன்." எங்கள் அலுவலகச் செலவு விதி இவ்வளவுதான், மாதக் கடைசியில் சண்டையும் இதனால்தான். எப்படித் திருத்தி எழுதுவது?
- ஒரு வாசகர், சுவா சூ காங்

பதில்: உங்கள் ஊழியர் தேக்கா பக்கம் ஓர் உணவகத்தில் விலைப்பட்டியலைப் பார்த்துப் பார்த்து, சரியாக 50 வெள்ளிக்குச் சாப்பிடுகிறார். 10% சேவைக் கட்டணம் சேர்ந்து 55 ஆகிறது. அதன்மேல் 9% ஜிஎஸ்டி வந்து 59.95 ஆகிறது. விதியை மீறினாரா? கணக்கர் ஆம் என்பார், ஊழியர் இல்லை என்பார். உங்கள் விதி இருவர் பக்கமும் நிற்கிறது! "ஒருவருக்கு, ஒரு வேளைக்கு, சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் உட்பட 50 வெள்ளி" என்று எழுதுங்கள். விருந்தினருக்கும் அதே வரம்பா என்பதையும் சொல்லுங்கள்.

ரசீது கேட்டால் பலர் நெட்ஸ் சீட்டை நீட்டுவார்கள். பணம் போனதை அது சொல்லும், எதற்குப் போனது என்று சொல்லாது. கடையின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி பதிவு எண், பில் எண், தேதி, வாங்கியவை, ஜிஎஸ்டி உட்பட என்ற குறிப்போடு மொத்தத் தொகை உள்ள பில் வேண்டும். 1,000 வெள்ளி வரை இந்த எளிய பில்லே ஜிஎஸ்டி கணக்குக்கும் உதவும். பில் தராத உணவங்காடிக் கடைகளுக்குத் தனியாக ஒரு சிறு வரம்பு வைத்து, கையெழுத்திட்ட குறிப்பை ஏற்கலாம்.

மேலாளரும் அதே மேசையில் சாப்பிட்டிருந்தால்? அவருக்கு மேலிருப்பவர் ஒப்புதல் தர வேண்டும். வரம்பைத் தாண்டும் செலவுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும். மேலாளர் விடுப்பில் இருந்தால் யார் ஒப்புதல் தருவார் என்பதையும் பதவிப் பெயரோடு எழுதுங்கள்.

பிறகு, போன மாதம் சண்டை மூட்டிய பில்லையும் புதிய விதியையும் இருவரிடம் தனித்தனியே கொடுத்து, எவ்வளவு தரலாம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் தொகை வேறுபட்டால், அதற்குக் காரணமான வரியை மறுபடி எழுதுங்கள்.