ஒரு 'ன்' வித்தியாசம்

1482 வாக்கில் லியோனார்டோ டா வின்சி, மிலான் நகரை ஆண்ட லுதோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் தயார் செய்தார். தூக்கிப்போகும் பாலம் கட்டுவேன், அகழித் தண்ணீரை வடிப்பேன், பீரங்கி செய்வேன் என்று எண் போட்டு அடுக்கிவிட்டு, கடைசியில் போனால் போகிறதென்று, படமும் வரைவேன் என்றார். பலவீனம் பற்றி மூச்சு விடவில்லை. எடுத்ததை முடிக்காத மனுஷன். அதில் சொன்ன வெண்கலக் குதிரை களிமண்ணோடு நின்றது. வெண்கலம் பீரங்கி வார்க்கப் போனது. 1499-இல் வந்த பிரெஞ்சு வில்லாளிகள் களிமண் குதிரை மேல் குறி பார்த்துப் பழகினார்கள்.

ஸ்ஃபோர்சாவிடம் எச்.ஆர். இல்லை. எனக்கு இருந்தது.

புனேயைச் சுற்றி இத்தாலிக் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. பாராமதியில் பியாஜியோ, ராஞ்சன்காவில் ஃபியட். நான் நேர்காணலுக்குப் போனது வேறொரு சின்ன கம்பெனி, தரப் பரிசோதனை வேலை. நண்பன் கொடுத்த ஆங்கில விடைகளை, பஸ்ஸை பஸ்ஸு ஆக்குகிற அதே தைரியத்தில், வாலில் உயிரெழுத்து ஒட்டி இத்தாலியனாக்கினேன். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கடைகளெல்லாம் உறங்கும் சதாசிவ் பேட்டில் ஒத்திகை. பிறகு இத்தாலியன் டியூஷன் மேடத்திடம் ஒப்பித்தேன்.

விவேகி என்பதற்கு நான் வைத்திருந்தது 'சென்சீபிலே'. "எது சொன்னாலும் மனசு புண்படும்னு அர்த்தம்" என்றார் மேடம். படித்தவன் என்று நினைத்த 'எதுகாத்தோ' வெறும் மரியாதை தெரிந்தவன். பலவீனத்துக்கு, 'நேரம் எடுப்பேன், ஆனாலும் கடைசியில் முடித்துவிடுவேன்' என்று எழுதியிருந்தேன். அந்தக் 'கடைசியில்' என்பதற்கு நான் போட்டிருந்த சொல் 'எவெந்துவால்மென்தே'. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்கு அர்த்தம், தேவைப்பட்டா, ஒருவேளை. முடிச்சா முடிப்பேன்னு சொல்றீங்க."

லியோனார்டோ எழுதாமல் விட்ட ஒரே உண்மையை நான் எழுதியிருந்தேன்.

"நான் பெர்ஃபெக்ஷனிஸ்ட்" என்பதையும் அடித்தார். அது பலவீனம் மாதிரி வேஷம் போட்ட பெருமையாம். பதிலாக 'பின்யோலோ' என்று சொல்லச் சொன்னார். எதிலும் நொட்டை கண்டுபிடிக்கிற ஆள். வீட்டில் வசவு, தரப் பரிசோதனையில் தகுதி.

ஒரே இடத்தில்தான் பாராட்டு கிடைத்தது. ஐந்து வருஷ அனுபவம் என்பது 'சின்க்வே ஆன்னி'. அந்த ஒற்றை ன்-ஐ விழுங்கிவிட்டால் 'ஆனி'. நமக்கு அது மாதம், அவர்களுக்கு ஆசனவாய். ஐந்து இருப்பதாகச் சொன்னால் எந்த எச்.ஆரும் பயப்படும். இரட்டைமெய்யை அழுத்திச் சொல்ல ஆங்கிலத்தில் பழகிய நாக்கு தடுமாறும். 'பனி'க்கும் 'பன்னி'க்கும் வித்தியாசம் தெரிந்தே வளர்ந்த தமிழனுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

வேலை கிடைத்தது. 'ன்' காப்பாற்றியது என்கிறேன் நான். பின்யோலோதான் என்கிறார் மேடம்.