ஐந்தில் இரண்டு

பி.எட். முடித்தவர் எவர் வீட்டுப் பரணிலும் பிரவுன் அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டுகள் ஒரு கட்டு கிடக்கும். எலி கூடத் தொடாது. என் கட்டில் ஒரு நோட்டை மட்டும் நான் இன்னும் எடுத்துப் பார்ப்பதுண்டு. ரிஃப்ளெக்டிவ் ஜர்னல் என்று பெயர். இன்டர்ன்ஷிப்பின்போது வகுப்பில் நடந்த ஏதாவது ஒன்றை எடுத்து, கிப்ஸ் சுழற்சிப்படி எழுத வேண்டும்.

கிரகாம் கிப்ஸ் என்ற பிரிட்டிஷ் கல்வியாளர் 1988-ல் வெளியிட்ட புத்தகத்தில் இருப்பது இது. ஆறே நிறுத்தம் உள்ள டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, அப்போது மனசு எப்படி இருந்தது, எது நன்றாகப் போனது எது போகவில்லை, ஏன் அப்படி, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்யப்போகிறாய். ஆறாவது நிறுத்தத்தில் இறங்கினால் மறுபடியும் வகுப்பறை வாசல். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

முதலில் நான் எல்லாரும் செய்வதைச் செய்தேன். சீனியர் ரெக்கார்டை வாங்கினேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் கவனிக்காமல் இருந்தான், அன்பாகப் பேசினேன், திருந்தினான் என்று அழகான கையெழுத்தில் இருந்தது. இன்னும் அழகான கையெழுத்தில் எழுதி, ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் போட்டுக் கொடுத்தேன்.

ஜர்னலைத் திருத்தும் மேடம் ஒரு பத்தி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, இந்தப் பையனை நான் ஆறு வருஷமா படிச்சுட்டு வர்றேன். இன்னுமா அவன் பாஸ் பண்ணல?"

ஆகவே சொந்த அனுபவத்தைத் தேட வேண்டியதாயிற்று. ரொம்ப தூரம் தேடவில்லை. முந்தைய வாரம்தான் ஆறாம் வகுப்பில் வேற்றினப் பின்னங்களைக் கூட்டச் சொல்லிக்கொடுத்திருந்தேன். வகுப்பு கோலாகலமாக நடந்தது. "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது சார்!" என்று ஓட்டுக்கூரை அதிர்ந்தது. மறுநாள் நோட்டுகளைத் திருத்தினால், 1/2 + 1/3 = 2/5. மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டியாகிவிட்டது.

இதை ஐந்து பக்கத்துக்கு எழுதினேன். அன்று காலை மழை தூறியது முதல் சாக்பீஸ் உடைந்தது வரை எதையும் விடவில்லை. உணர்வுப் பகுதியில் மிகவும் மனம் வருந்தினேன் என்று போட்டேன். வருந்தினால் மார்க் உண்டு என்று கேள்வி. 'ஏன்' என்ற இடத்தில், மாணவர்கள் கவனிக்கவில்லை. கடைசியில், இனி மேலும் சிறப்பாகக் கற்பிப்பேன்.

நோட்டு திரும்பி வந்தது. மழையின் மேல் சிவப்புக் கோடு. 'மாணவர்கள் கவனிக்கவில்லை' என்பதைச் சுற்றி வட்டம், பக்கத்தில் 'யார் சொன்னது?'. 'சிறப்பாக' என்பதன் கீழே, 'திங்கட்கிழமை எத்தனை மணிக்கு?'.

நேரில் போனபோது மேடம் விளக்கினார். பஸ் முதல் நிறுத்தத்திலேயே நான்கு பக்கம் நின்றுவிட்டது, மிச்ச ஐந்து நிறுத்தமும் ஒரு பக்கத்தில் பறந்துவிட்டன. எல்லாரும் இதில்தான் மாட்டுகிறார்களாம். நடந்ததைப் பத்து வரியில் முடித்துக்கொண்டு 'ஏன்' என்பதில் உட்கார வேண்டும். மூன்றாவது நிறுத்தத்தில் 'வகுப்பு சரியாகப் போகவில்லை' என்று சொல்லிவிட்டு அதையே வேறு வார்த்தையில் நான்காவதிலும் சொன்னால் அது காரணம் ஆகாது. "காரணம்னா அதுக்குச் சாட்சி வேணும் தம்பி. நோட்டை எண்ணிப் பாத்தீங்களா? பிள்ளைங்களைக் கேட்டீங்களா?"

எண்ணினேன். 36 நோட்டில் 21-ல் 2/5. கவனிக்காதவன் ஆளுக்கொரு தப்பைப் போடுவான். 21 பேர் ஒரே தப்பை ஒற்றுமையாகப் போட்டால், யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான் ஒருவன்தான்.

மூன்றாம் பெஞ்சுப் பெண்ணைக் கூப்பிட்டு, எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீங்கதான சார் சொன்னீங்க? ரெண்டு மார்க்குக்கு ஒண்ணு வாங்குனா 1/2, மூணு மார்க்குக்கு ஒண்ணு வாங்குனா 1/3ன்னு. ரெண்டையும் சேத்தா அஞ்சுக்கு ரெண்டுதான சார்?"

நியாயம்தானே! ரேங்க் கார்டில் கூட்டுவது அப்படித்தான். பின்னத்தை அறிமுகப்படுத்திய அன்று எளிமையாக இருக்கட்டும் என்று நான் எடுத்துவிட்ட உதாரணம் அது. மார்க்கில் ஒவ்வொரு கேள்வியும் தனித்தனி முழுசு. கூட்டும்போது இரண்டும் மூன்றும் சேர்ந்து ஐந்தாகி முழுசே மாறிவிடுகிறது. பின்னக் கூட்டலில் அரையும் மூன்றில் ஒன்றும் ஒரே முழுசிலிருந்து வெட்டியதாக இருக்க வேண்டும். அதை நான் சொல்லவே இல்லை. நேரே மீ.சி.ம.-வில் குதித்தேன். பிள்ளைகள் என்னை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். அதுதான் கோளாறு.

அப்புறம்தான் இரண்டாவது நிறுத்தத்துக்குத் திரும்பிப் போனேன். மனசு எப்படி இருந்தது? வருத்தமெல்லாம் மறுநாள் வந்தது. வகுப்பு நடந்தபோது இருந்தது பயம். வழிகாட்டி ஆசிரியர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் நடுவில் கையைத் தூக்கினாள். கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்தால் அவர் பார்ப்பாரே என்று நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். 'புரிஞ்சுதா' என்று கேட்டதுகூட அவர் காதுக்குத்தான். உணர்வை எழுதச் சொல்வது அழுதுகாட்ட அல்ல, இப்படி ஒரு செய்கை அதிலிருந்து கிளம்பியிருக்கும், அதைப் பிடிக்கத்தான் என்று அப்போது உறைத்தது. எழுதக் கூச்சமாக இருந்தது. எழுதினேன். மார்க் போடப்போகிறவரிடமே வாக்குமூலம் கொடுக்கச் சொல்கிற பாடத்திட்டத்தில் எனக்கு இன்றும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. மேடம் நல்லவர், தப்பித்தேன்.

திட்டத்தை இந்த முறை இப்படி எழுதினேன். திங்கட்கிழமை இரண்டாம் பீரியட். முதல் கேள்வி: அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் கூடுமா, குறையுமா? பிறகு ஆளுக்கு 12 செ.மீ. நீளத்தில் ஒரு காகிதப் பட்டை. அதில் பாதி 6, மூன்றில் ஒன்று 4, ஆக 10. ஆறு சம துண்டாக மடித்தால் ஐந்து துண்டு நிறையும், 5/6. கடைசி ஐந்து நிமிடம் 'புரிஞ்சுதா' கிடையாது. துண்டுச்சீட்டில் 1/3 + 1/4 போட்டுக் கொடுக்க வேண்டும். 2/7 என்று எத்தனை வருகிறதோ அத்தனை பேருக்கு இன்னும் மாறவில்லை.

முதல் கேள்விக்கே மூன்றாம் பெஞ்சு எழுந்தது. "சார், 2/5 அரையைவிடக் கம்மி சார்! அப்ப கூட்டுனா குறையுமா?" வழிகாட்டி ஆசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பவில்லை.

துண்டுச்சீட்டில் 2/7 ஆறுதான் வந்தது. அதிலும் நான்கு ஒரே பெஞ்சிலிருந்து, ஒரே மாதிரி அடித்தல் திருத்தலோடு. அது வேறு ரக ஆராய்ச்சி, ஜர்னலில் சேர்க்கவில்லை.

மேடம் இரண்டரைப் பக்கத்தையும் படித்துவிட்டு, பார்டர் இல்லையே என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருஷம் ஜூன் முடிவதற்குள் ஒரு ஜூனியர் போன் செய்தான். "அண்ணா, உங்க ரெக்கார்டுல 2/5 போட்ட பொண்ணு ஒண்ணு இருக்காமே? அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணா. நாங்க பதினாலு பேர் இருக்கோம்."