PD என்றால் என்ன தோசை?

கேள்வி: ஓட்டலில் பிளெய்ன் தோசை கேட்டால் பன்னீர் தோசை வருகிறது. சர்வர் தமிழர், மாஸ்டர் ஒடிசாக்காரர். மொழிதான் சிக்கலா?
- ஒரு வாசகர், வடபழனி

பதில்: இருவரும் மன்னார்குடிக்காரர்களாக இருந்தாலும் பன்னீர்தான் வந்திருக்கும். குற்றவாளி, சமையலறைக்குப் போகும் கே.ஓ.டி. சீட்டில் இருக்கும் PD. இரண்டு தோசைக்கும் அதே எழுத்துகள் பொருந்தினால், மாஸ்டர் ஜோசியமா பார்ப்பார்?

சீட்டையே ஒடியாவில் அடிக்கலாமே என்பார்கள். பக்கத்து அடுப்பில் நிற்பவர் நேபாளி. தவிர, பல பிரிண்டர்களில் இந்திய எழுத்துகளே கிடையாது. படமாக மாற்றித்தான் அச்சிட வேண்டும்.

எளிய வழி, குறியை எல்லோருக்கும் பொதுவாக்குவது: PLAIN, PANEER. பில்லிங் மென்பொருள் பலவற்றில் சமையலறைக்கென்று தனிப் பெயர் பதியலாம். அடுப்பருகே சுவரில் அந்தப் பெயர், பக்கத்தில் தோசையின் படம், கீழே அவரவர் எழுத்தில் ஒரு வரி.

உண்மையான ஆபத்து 'வேண்டாம்' என்பதில்தான். W/O ONION என்ற சீட்டில் எண்ணெய் பட்டு நடுவில் அழிந்தால் மிஞ்சுவது W ONION. 'வெங்காயத்தோடு' என்று படித்து, சமண வாடிக்கையாளருக்கு வெங்காயத்தைத் தூவிவிடுவார்கள். அதனால் NO ONION என்று தனி வரியில், முடிந்தால் சிவப்பில் அடிப்பது நல்லது. இருநிற ரிப்பன் போடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு இது சுலபம். அடுப்புச் சூட்டில் தெர்மல் காகிதம்போல அதன் சீட்டு கறுத்தும் போகாது.

புதுக் குறிகளைச் சோதிக்க, சில பழைய ஆர்டர்களை அவற்றில் அடித்து, ஒவ்வொரு மாஸ்டரிடமும் தனித்தனியாகக் காட்டி, என்ன சமைப்பார் என்று கேட்க வேண்டும். பதில் இரண்டாக வரும் குறி குப்பைக்கு.