டிஸ்பாட்ச் தேதி சொல்லாத பெரிய மனிதர்

கள்ளக்குறிச்சிப் பக்கம் மாடர்ன் ரைஸ்மில்லில் பர்ச்சேஸ் பார்க்கிறவன் எவனுக்கும் இவரைத் தெரியும். பெயர் வேண்டாம், ஊருக்கு ஒருவர் இருக்கிறார். எங்கள் மில்லுக்கு வாய்த்தவர் சேலம் பக்கத்தில் பிளாஸ்டிக் சாக்குத் தறி ஓட்டுகிறார். தங்கமான மனுஷன். கோபப்பட மாட்டார், போனை எடுக்காமல் இருக்க மாட்டார், பொங்கலுக்கு டைரியும் காலண்டரும் அனுப்பத் தவற மாட்டார். அவ்வளவு அழகாகக் காலண்டர் அச்சடித்துக் கொடுப்பவர், அதிலிருந்து ஒரே ஒரு தேதியை எடுத்துச் சொல்லுங்கள் என்றால் மட்டும் வாய் திறக்க மாட்டார்.

பி.ஓ. அனுப்பியவுடன் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வரும். அதுதான் அவருடைய அக்னாலெட்ஜ்மெண்ட். நம் பி.ஓ.வில் ஐந்து விஷயம் இருக்கும்: எத்தனை சாக்கு, என்ன எடை, எத்தனை கலர் பிரின்ட், என்ன ரேட், என்றைக்கு வேண்டும். கட்டைவிரல் இதில் எதற்கு என்று தெரியாது. பி.ஓ. வந்து சேர்ந்தது என்பதற்கா, படித்துப் பார்த்தேன் என்பதற்கா, ரேட்டுக்குச் சம்மதம் என்பதற்கா, இல்லை காலை வணக்கமா? நான்கு நாள் கழித்துப் போன் போட்டால் "பி.ஓ. வந்துச்சுங்களா? இருங்க, பாக்கறேன்" என்பார். அப்படியானால் அது காலை வணக்கம்தான்.

அவருடைய காலக்கணக்கு பஞ்சாங்கத்தில் இல்லாதது. "இப்ப" என்றால் இன்றைக்கு இல்லை. "ஈவ்னிங்குள்ள" என்றால் நாளை மறுநாள். "ரெண்டு நாள்ல" என்றால் நூல் இன்னும் வரவில்லை. "ஆயிட்டே இருக்குங்ணா" என்றால் நம் வேலையைத் தறியில் ஏற்றவே இல்லை. "லோடு ஆயிட்டு இருக்கு" என்பதை மட்டும் பாதி நம்பலாம். லோடு ஆவது உண்மை, ஆனால் அது வேறு மில்லுக்கு. இதையெல்லாம் அவர் பொய் என்று நினைத்துச் சொல்வதில்லை. எதிரே இருப்பவர் மனம் நோகக்கூடாது என்ற ஒரே நல்லெண்ணம். அந்த நல்லெண்ணத்தால்தான் எங்கள் பாயில்டு ரைஸ் தரையில் குவிந்து கிடந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். சம்பா நெல் வரத்து தொடங்குகிற சமயம். எங்கள் மில்லில் ஒரு நாளைக்கு 30 டன் அரிசி இறங்குகிறது என்று வையுங்கள். 26 கிலோ சிப்பமாகக் கட்டினால் ஒரு நாளைக்குச் சுமார் 1,150 சாக்கு செலவாகும். கையிருப்பு 6,000. ஐந்து நாள் ஓடும், ஆறாம் நாள் காலை டீக்குள் தீர்ந்துவிடும். திங்கள்கிழமை 20,000 சாக்குக்கு பி.ஓ. போனது, கட்டைவிரல் வந்தது, எல்லாரும் நிம்மதியாக இருந்தோம். வெள்ளிக்கிழமை மாலைதான் தெரிந்தது, அந்த வாரம் முழுக்க அவர் தறியில் இன்னொருவருடைய உர மூட்டைச் சாக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இதில் அவர் லேட் செய்தது கூடப் பெரிய குற்றம் இல்லை. தறி அவருடையது, யார் வேலையை முதலில் ஏற்றுவது என்பது அவர் இஷ்டம். திங்கள்கிழமை கேட்டபோது, "இந்த வாரம் ஆகாதுங்ணா, அடுத்த புதன்தான்" என்று சொல்லியிருந்தால் செவ்வாய்க்கிழமையே இன்னொரு தறிக்காரரிடம் ஒரு 8,000 சாக்கு பிரின்ட் இல்லாமலாவது வாங்கி ஓட்டியிருப்போம். ஒரு வேலை நாளுக்குள் பதில் கேட்பதை மிரட்டல் என்று அவர் நினைக்கிறார். அந்த ஒரு நாள் அவருக்கு வைக்கிற கெடு இல்லை. கையில் ஐந்து நாள் சாக்கு இருக்கும்போது நாம் வேறு வழி தேடிக்கொள்ள மிச்சம் பிடிக்கிற நேரம். வெள்ளிக்கிழமை வருகிற "ஆகாது"க்கு ஒரு பைசா மதிப்பில்லை. செவ்வாய்க்கிழமை வருகிற "ஆகாது"க்கு நான் டீ வாங்கிக் கொடுப்பேன்.

அதன் பிறகு எங்கள் பி.ஓ.வின் அடியில் நான்கு வரி ஏறியது. ஒரு வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். பதிலில் பி.ஓ. எண்ணும், எண்ணிக்கையும், சாக்கில் அச்சாகும் எடையும், உங்கள் கேட்டிலிருந்து வண்டி கிளம்பும் தேதியும் இருக்க வேண்டும். மொத்தமும் ஒரே நாளில் முடியாது என்றால் எந்தத் தேதிக்கு எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். பதில் இல்லையென்றால் ஆர்டரை நீங்கள் ஏற்கவில்லை என்று வைத்துக்கொண்டு வேறு இடத்தில் வாங்குவோம்.

வண்டி கிளம்பும் தேதி என்று அழுத்திக் கேட்டதற்குக் காரணம் உண்டு. சேலத்திலிருந்து லாரி கிளம்பிவிட்டால் ஆத்தூர், சின்னசேலம் தாண்டி அன்றைக்கே நம் கேட்டுக்கு வந்துவிடும். வந்து சேரும் தேதி என்று கேட்டால் மழை, டிராஃபிக், டிரைவர் என்று ஆயிரம் பேர் மேல் பழி போட இடம் இருக்கிறது. கிளம்பும் தேதிக்கு அவர் ஒருவர்தான் பொறுப்பு. கிளம்பியதா என்று பார்க்க எல்.ஆர். நம்பரும் ஈ-வே பில்லும் போதும். அதிலும் நம் ஆள் கில்லாடி. ஈ-வே பில்லில் பகுதி 'ஏ' மட்டும் போட்டு நம்பரை அனுப்பிவிடுவார். பகுதி 'பி'யில் வண்டி எண் ஏறாமல் சரக்கு ரோட்டுக்கு வர முடியாது. வண்டி எண் காலியாக இருந்தால் சாக்கு இன்னும் குடோனில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

எடையை எழுதச் சொன்னது இன்னொரு அனுபவசாலியின் யோசனை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை லேபிள் ஒட்டிக் கட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது; அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு இல்லை. தமிழ்நாட்டு மில்கள் பலவும் சத்தமில்லாமல் 26 கிலோவுக்கு மாறின. சாக்குக்காரரிடம் பழைய 25 கிலோ பிளேட் பத்திரமாக இருக்கிறது. அச்சுப் பையன் பழக்க தோஷத்தில் அதை எடுத்து மாட்டினால் 20,000 சாக்கும் 25 என்றே அச்சாகி வரும். பதிலில் "26 கிலோ" என்று அவர் கையாலேயே எழுதும்போது பிளேட் ஞாபகம் வருகிறது. கட்டைவிரலுக்கு அந்த ஞாபகசக்தி கிடையாது.

வேலை நாள் எது என்பதிலும் ஒரு பஞ்சாயத்து நடந்தது. அவர் கணக்கில் அமாவாசை வேலை நாள் இல்லை, மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாள் இல்லை, பங்காளி வீட்டுக் காதுகுத்து இல்லை. மாதத்தில் மிஞ்சியதை எண்ணினால் கையிரண்டு போதும். கடைசியில் ஞாயிறும் அரசு விடுமுறையும் நீங்கலாக மற்றதெல்லாம் வேலை நாள், மாலை 4 மணிக்கு மேல் வருகிற பி.ஓ. மறுநாள் வந்ததாகக் கணக்கு என்று முடிந்தது. தறி ஓடாவிட்டால் என்ன? பதில் எழுதக் கரண்ட் வேண்டாமே.

இப்போது எழுத்தில் பதில் வருகிறது. மனுஷன் அதிலும் ஒரு வித்தை வைத்திருந்தார். முதலில் 10ஆம் தேதி என்பார். 9ஆம் தேதி மாலை, "திருத்தப்பட்ட தேதி 13" என்று வரும். 12ஆம் தேதி, "திருத்தப்பட்ட தேதி 15". 15ஆம் தேதி அனுப்பிவிட்டு, "சொன்ன தேதியில அனுப்பிட்டோம்ல" என்று பெருமையாகப் போன் வரும். எங்கள் ஆபீஸ் பையன் எக்செல்லில் பழைய தேதியை அழித்து அழித்துப் புதியதைப் போட்டுக்கொண்டே வந்ததால், வருடக் கடைசியில் பார்த்தால் அவர்தான் நூற்றுக்கு நூறு. இப்போது முதலில் சொன்ன தேதிக்குத் தனிப் பத்தி. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. திருத்தம் எல்லாம் பக்கத்துப் பத்தியில். அந்த நூற்றுக்கு நூறு என்ன ஆனது என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இதே வட்டாரத்தில் நேர் எதிரான ஆள் ஒருவரும் உண்டு. என் மைத்துனருக்குக் கள்ளக்குறிச்சியில் புளி மண்டி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவரிடம் புளி வாங்குகிறார். சிக்னல் இருக்கிற மேட்டுக்கு நடந்து வந்துதான் பெரியவர் பேச வேண்டும். பங்குனியில் ஆர்டர் சொன்னால், மறுநாளே மேட்டுக்கு வந்து பதில் சொல்லிவிடுவார்.

"ஓடு தட்டி வெச்சிருக்கற பழம் மூணு மூட்டை இருக்கு. அது வியாழக்கிழமை பஸ்ஸுல ஏத்திடுறேன். மீதி இன்னும் காயல. மழை மோடம் போட்டிருக்கு. தேதி கேக்காதீங்க."

என் மைத்துனருக்கு இது போதும். மூன்று மூட்டைக்குத் தேதி உறுதி, மீதிக்கு இல்லை என்பதும் உறுதி. மீதியை வேறு இடத்தில் பிடித்துக்கொள்வார். எக்செல் பார்த்திராத அந்தப் பெரியவர் அனுப்புகிற அக்னாலெட்ஜ்மெண்டை, ஜிஎஸ்டி நம்பரும் கலர் லெட்டர்ஹெட்டும் வைத்திருக்கிற நம் ஆளிடம் வாங்க எங்களுக்கு நான்கு வரி நிபந்தனை தேவைப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்று எங்கள் ஆடிட்டரிடம் கேட்டோம். 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்தார். 7ஆம் பிரிவின்படி சம்மதம் முழுமையாக, நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும். "ஓகேங்ணா, ரேட் மட்டும் பேசிக்கலாம்" என்பது சம்மதம் ஆகாது. 55ஆம் பிரிவில் இன்னொரு கொக்கி இருக்கிறது. நாள்தான் முக்கியம் என்று பேசிய ஒப்பந்தத்தில், லேட்டாக வந்த சரக்கை இறக்கிக்கொண்டால், இறக்கும்போதே நஷ்டஈடு கேட்கப்போகிறோம் என்று அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். சும்மா இறக்கிக்கொண்டு பிறகு கேட்டால் செல்லாது. லாரி நிற்கிறது, சுமைக்காரர்கள் நிற்கிறார்கள், தரையில் அரிசி கிடக்கிறது. அந்த நேரத்தில் நோட்டீஸ் எழுதுகிற மில்காரன் யார்?

நம் ஆளும் லேசுப்பட்டவர் இல்லை. அவருக்கும் ஒரு ஆடிட்டர் இருக்கிறார் என்பதை மறந்துவிட்டோம். போன வாரத்து பி.ஓ.வுக்கு மறுநாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது, டைப் அடித்து, சீல் வைத்து. 26 கிலோ. 8,000 சாக்கு வெள்ளிக்கிழமை, 12,000 சாக்கு அடுத்த புதன். கீழே அவர் சேர்த்த ஒரு பத்தி: எங்கள் ஆலை சிறு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது, 2006ஆம் வருடத்து எம்.எஸ்.எம்.இ. சட்டம் 15ஆம் பிரிவின்படி, எழுத்தில் பேசிக்கொண்டாலும் பணம் தருவது சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது; போன இரண்டு பில்லும் அதைத் தாண்டி நிற்கின்றன. எனவே தயவுசெய்து பணம் அனுப்பும் தேதியை ஒரு வேலை நாளுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்தவும்.

முதலாளியிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். சேலத்துக்காரருக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பச் சொன்னார்.