மூன்று வரி போதும், அம்மிணி

டைரி எழுதுவதில் கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருக்கும் பயிற்சி சாதாரணமானதல்ல. ஒன்றாம் வகுப்பிலேயே ‘சம்யுக்த டைரி’ ஆரம்பம். பிள்ளை பென்சிலால் எழுதும். தெரியாத எழுத்தை அம்மாவோ அப்பாவோ பேனாவால் எழுதிச் சேர்ப்பார்கள். பத்தாம் வகுப்புக்கு வந்தால் இங்கிலீஷ் பரீட்சையில் கதாபாத்திரங்களின் டைரி. வைக்கம் முகம்மது பஷீரின் ‘பாம்பும் கண்ணாடியும்’ கதை பல வருடம் அந்தப் பாடப்புத்தகத்தில் இருந்தது. கையில் பாம்பு சுற்றிக்கொண்ட டாக்டரின் அன்றைய டைரியை எங்கள் எல்லையோரப் பிள்ளைகள் எத்தனை முறை எழுதியிருப்பார்கள் என்று சித்ரகுப்தனிடம்தான் கேட்க வேண்டும். திருடன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அழுக்குப் பனியனை மட்டும் விட்டுப்போனதுவரை மனப்பாடம்.

இத்தனை பேர் டைரியை எழுதும் பிள்ளை, தன் டைரியை மட்டும் எழுதாது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பத்தாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளும் அப்படித்தான். விடிவதற்குள் ட்யூஷன், அப்புறம் ஸ்கூல், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். நாட்டின் பிரதமருக்குக்கூட நடுவில் காப்பி குடிக்க நேரம் ஒதுக்குவார்கள். அவளுக்கு ஒரு டைரி கிடைத்தது. குறிக் கம்பெனி வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது, தலையணை கனம், நாளுக்கு ஒரு பக்கம். ஜனவரி முதல் தேதி பக்கம் வழிய எழுதினாள். இரண்டாம் தேதி முக்கால் பக்கம். மூன்றாம் தேதி ‘தலைவலி’. பொங்கலுக்குள் அக்கா அதில் பால் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டாள்.

“நான் சோம்பேறி மாமா” என்றாள். சோம்பேறி அவள் இல்லை, பக்கம் பெரிசு. காலியாக ஒரு முழுப் பக்கம் எதிரில் கிடந்தால், ராத்திரி ஒன்பதரை மணிக்கு அது இன்னொரு வீட்டுப்பாடமாகத்தான் தெரியும்.

அதனால் கோடு போட்ட சாதாரண இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். ஒரு பக்கத்தில் இருபத்துச் சொச்சம் கோடு. நாளுக்கு மூன்று வரி, வாரத்துக்கு 21. தேதி ஓரத்து மார்ஜினில் போய்விடும். ஆக, ஒரு பக்கம் ஒரு வாரம். ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்தால் இருநூறு பக்கமும் தீர்வதற்குள் பிளஸ் டூ முடிந்துவிடும். நாலாவது வரி எழுதினால் நாளைய இடத்தைத் தின்கிறாய் என்று அர்த்தம். எழுதச் சொல்லி யாரையும் மிரட்ட முடியாது. எழுதாதே என்று தடுத்தால் பிள்ளைகளுக்கு உடனே ஆசை வரும்.

முதல் நாள் வந்தது இது: ‘இன்று நல்ல நாள். ஸ்கூலுக்குப் போனேன். நன்றாகப் படித்தேன்.’

“அம்மிணி, தேதியைக் கட்டைவிரலால் மறை. இப்ப இது எந்த நாள்?”

“தெரியலை மாமா. எந்த நாளாவும் இருக்கலாம்.”

சோதனை அவ்வளவுதான். தேதியை மறைத்தபின் அந்த வரி வேறொரு நாளுக்கும் பொருந்துமானால், அது டைரி இல்லை, வருகைப் பதிவேடு. நாளை மொத்தமாகச் சுருக்கப் பார்ப்பதால்தான் இப்படி ஆகிறது. மூன்று வரியில் ஒரு நாளை அடைக்க முடியாது. ஒரு நாளிலிருந்து மூன்று துண்டுகளை எடுக்கலாம். முதல் வரியில் கண்ணில் பட்ட ஒன்று. இரண்டாம் வரியில் காதில் விழுந்த ஒரு பேச்சு, பேசியவர் வாயில் வந்தபடியே. மூன்றாம் வரியில் முடியாமல் நாளைக்கு நிற்கும் ஒன்று. மறுநாள் வந்தது இது:

‘வேலந்தாவளம் பஸ்ஸில் ஒருத்தர் மடியில் சேவல் வைத்திருந்தார்.
கண்டக்டர்: “அதுக்கும் டிக்கெட் எடுங்க, இல்லே அதை இறங்கி நடக்கச் சொல்லுங்க.”
பிசிக்ஸ் ரெக்கார்டில் இன்னும் இரண்டு படம் பாக்கி.’

எந்த விரலால் மறைத்தாலும் இது அந்த ஒரு நாள்தான். எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றாவது வரிக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. அடுத்த நாள் எதை எழுதுவது என்று தெரியாமல் உட்காரும்போது, அந்தப் பாக்கி என்ன ஆனது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அடுத்த தகராறு நேரம். படுக்கப் போகும்போது என்று வைத்தால் தூக்கம்தான் எழுதும். பேனா கோடு பக்கத்து வாரத்துக்குள் போய்விடும். என் சிற்றப்பா பேரன் மூணாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் இருந்து படிக்கிறான். ஜூன், ஜூலை மழையில் அங்கே கரண்ட் தன் இஷ்டத்துக்குத்தான் வரும். அவன் கண்டுபிடித்த வழி நல்ல வழி. மறுநாள் டைம்டேபிள் பார்த்துப் பையில் புத்தகம் அடுக்குவது எந்தப் பிள்ளையும் தவறவிடாத வேலை. அது முடிந்ததும் மூன்று வரி, அப்புறம்தான் சோறு. பசி இருப்பதால் நாலாவது வரி வராது. தனியாக ஒரு நேரம் ஒதுக்குவதைவிட, தினமும் நடக்கும் ஒரு வேலையின் வாலில் கட்டிவிடுவது சுலபம்.

பரீட்சை வாரத்தில் ஒரே வரி போதும், இரண்டாவது வரி, கேட்ட பேச்சு. அதுவும் முடியாவிட்டால் இடத்தைக் காலியாக விடு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விட்டுப்போன ஐந்து நாளையும் சேர்த்து எழுதாதே. அது ஞாபகமாக இருக்காது, கதையாக இருக்கும். கலெக்டர் மழை லீவு விடும் நாள்தான் இதில் பெரிய ஆபத்து. பை அடுக்க வேலை இல்லை, டைரியும் அதோடு போய்விடும். அன்றைக்குச் சோறே மணியோசை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காலி இடம் பார்த்து மனம் உடைகிற பிள்ளைகளுக்கு ஆனந்தரங்கப் பிள்ளையைச் சொல்வேன். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் கவர்னருக்குத் துபாஷியாக இருந்தவர். 1736-இல் ஆரம்பித்து 1761-இல் கண்மூடும் காலம்வரை தமிழில் டைரி எழுதினார். நமக்குக் கிடைத்திருக்கும் அந்த டைரியிலேயே இடையிடையே நாட்கள் இல்லை. அதற்காக யாரும் அவருக்கு மார்க் குறைக்கவில்லை. கவர்னர் என்ன சொன்னார், கப்பலில் என்ன வந்தது, கடைத்தெருவில் என்ன பேச்சு என்று கேட்டதையும் கண்டதையும் எழுதியதால்தான் இன்றைக்கும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். ‘இன்று நல்ல நாள்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அவரை யாருக்குத் தெரியும்?

கடைசியாக அம்மாக்களிடம் ஒரு வார்த்தை. ஒன்றாம் வகுப்பில் கூட்டு டைரி; பத்தாம் வகுப்பில் அது ஒற்றர் டைரி ஆகிவிடுகிறது. பிள்ளை குளிக்கப் போன நேரத்தில் நீங்கள் நோட்டைப் புரட்டினால், மறுநாளே ‘இன்று நல்ல நாள்’ திரும்பி வந்துவிடும். அது உங்களுக்காக எழுதிய வரி. அக்காவிடம் நான் கறாராகச் சொல்லிவிட்டேன்: பால் கணக்குக்குத் தனி நோட்டு, பிள்ளை நோட்டில் கை வைக்காதே. நீங்களும் அப்படியே செய்யுங்கள். சேவலுக்கு டிக்கெட் எடுத்தார்களா இல்லையா என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால், சோறு போடும்போது பிள்ளையிடமே கேளுங்கள்.