அலோ கொடுக்கலாமா? ஸ்கிரீன்ஷாட் அனுப்புவோர் கையேடு

போனில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி அனுமதி கேட்டதும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது பழைய முறை. அதைப் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டு, கீழே "அலோ கொடுக்கலாமா?" என்று எழுதுவதுதான் இன்றைய முறை. இதை நேர்த்தியாகச் செய்ய விரும்புவோருக்கு இந்தக் கையேடு. பாடத்துக்கு ஒரு சித்தப்பாவையும், அவர் ஆண்ட்ராய்டு போனில் புதிதாக ஏற்றிய தினசரி காலண்டர் ஆப் ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். ராகுகாலம், நல்ல நேரம், விசேஷ நாட்கள், காலையில் ஒரு சுப்ரபாதம். அதற்கு மேல் அந்த ஆப்பிடம் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை.

படி 1: ஆப்பின் பெயர் தெரியாதபடி வெட்டி அனுப்புங்கள்

படத்தில் பொத்தான்கள் மட்டும் தெரிந்தால் போதும். பதில் சொல்பவர் மீதியை ஞானத்தால் அறிந்துகொள்வார். உரையாடல் இப்படிப் போக வேண்டும்:

"சித்தப்பா, எந்த ஆப்புல இது வந்துச்சு?"

"போன்லதாம்மா வந்துச்சு."

"அதுக்கு முன்னாடி எதை அழுத்துனீங்க?"

"நான் ஒண்ணும் அழுத்தலையே. அதுவா வந்துச்சு."

அதுவாக வருவதில்லை. அந்தப் பெட்டியை வரைவது ஆண்ட்ராய்டு. கேட்கச் சொல்வது ஆப். கேள்வியின் வாசகம் எல்லா ஆப்புக்கும் ஒன்றுதான். பெயர் மட்டும் மாறும். எதற்காகக் கேட்கிறது என்ற காரணம் அதில் இருக்காது. அந்தக் காரணத்தை, கேட்பது எந்த ஆப், நீங்கள் கடைசியாக அழுத்தியது எந்தப் பொத்தான் என்ற இரண்டையும் வைத்துத்தான் ஊகிக்க முடியும். "குரலில் தேடு" என்பதை அழுத்தியதும் மைக் கேட்டால் நியாயம். ஆப்பைத் திறந்த நொடியே மைக் கேட்டால் ஏன் என்று கேட்க வேண்டும். வெட்டி எறிந்த அந்த ஓரத்தில்தான் பாதிப் பதில் இருந்தது.

சில ஆப்கள் உண்மையான பெட்டிக்கு முன்னால், பூ போட்ட தங்கள் சொந்தப் பெட்டி ஒன்றைக் காட்டும். "உங்களுக்குச் சிறந்த சேவை தர" என்று அது குழையும். அது விளம்பரம், அதில் சரி சொன்னாலும் அனுமதி போய்விடாது. அடுத்து வரும் வெற்றுப் பெட்டிதான் அசல்.

படி 2: கேள்வியைப் போட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அழுத்திவிடுங்கள்

குரூப்பில் எல்லோரும் வேலையாக இருப்பார்கள். பெட்டியோ காத்து நிற்கிறது. காக்க வைப்பது மரியாதையில்லை என்று "Allow"வை அழுத்திவிட்டு, "கொடுத்துட்டேன், பரவாயில்லையா?" என்று திருத்தம் அனுப்புங்கள்.

மரியாதை தெரியாதவர்கள் "Don't allow"வை அழுத்துவார்கள். ஒன்றும் ஆகாது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6க்கு முன்பு ஆப்பை ஏற்றும்போதே ஒரு நீண்ட பட்டியல் வரும். மொத்தமாக ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஆப்பே கிடையாது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக மறுக்கலாம். மறுத்தால் அந்த ஒரு வசதி வேலை செய்யாது, மீதி ஓடும். ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரே அனுமதியை இரண்டு முறை மறுத்துவிட்டால் ஆப் அந்தப் பெட்டியை மறுபடி காட்டவே முடியாது. பிறகு மனம் மாறினால் செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து "Permissions" பகுதியில் நீங்களே கொடுக்கலாம்.

அதாவது, தவறாகச் சொன்ன "வேண்டாம்" ஒரு நிமிட வேலை. தவறாகச் சொன்ன "சரி"யையும் திரும்ப வாங்கலாம்தான். ஆனால் அதற்குள் போனை விட்டு வெளியே போனதைத் திரும்ப வாங்க முடியாது. சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

படி 3: லொகேஷன் கேட்டால் வாசல் எண் வரை கொடுங்கள்

காலண்டர் முதலில் கேட்பது இருப்பிடம். சித்தப்பா இதில் கொதித்துப்போனார். "நான் எங்க இருந்தா அதுக்கென்ன?" உண்மையில் அந்த ஆப் கேட்பதிலேயே நியாயமானது இதுதான். ராகுகாலத்தைக் கறாராகக் கணக்கிட, சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையுள்ள பொழுதை எட்டாகப் பிரிக்க வேண்டும். உதயம் ஊருக்கு ஊர் மாறும்.

ஆனால் வீட்டுக்கு வீடு மாறாது. ஆண்ட்ராய்டு 12 முதல் இந்தப் பெட்டியில் இரண்டு வட்டப் படங்கள் இருக்கும்: "Precise", "Approximate". முதலாவது உங்கள் வாசல் வரை வரும். இரண்டாவது, சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ இருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லும். அந்தப் பரப்புக்குள் உதய நேரம் சில நொடிகள்தான் முன்பின் ஆகும். ராகுகாலத்தை நொடிக் கணக்கில் பார்த்துச் செருப்பு மாட்டுபவர் தவிர மற்றவர்களுக்கு இரண்டாவது போதும். கால் டாக்சிக்கு முதலாவது வேண்டும். இல்லையென்றால் வண்டி அடுத்த தெருவில் நிற்கும்.

கீழே உள்ள பொத்தான்களில் "While using the app" என்பது ஆப் பயன்பாட்டில் இருக்கும்வரை. "Only this time" என்பது இந்த ஒரு தடவைக்கு. ஆப்பை மூடிச் சற்று நேரத்தில் அனுமதி காலாவதியாகி, அடுத்த முறை மறுபடி கேட்கும். காலண்டருக்கு இதுவே தாராளம். ஊர் பெயரை நாமே தேர்ந்தெடுக்க ஆப்பில் இடம் இருந்தால் இதுவும் வேண்டாம்.

படி 4: காண்டாக்ட்ஸ் கேட்டால், எண்கள் உங்களுடையவை என்று நினைத்துக் கொடுங்கள்

அடுத்த பெட்டி காண்டாக்ட்ஸ். நண்பர்களுக்குப் பண்டிகை வாழ்த்து அனுப்ப என்று ஆப் சொல்லிக்கொள்ளும். இந்தப் பெட்டியில் "இந்த ஒருவர் மட்டும்" என்ற பொத்தான் கிடையாது. சரி என்றால் பால்காரர், டாக்டர், சம்பந்தி, "பிளம்பர் புதுசு" எல்லோருடைய பெயரும் எண்ணும் ஒரே வீச்சில் ஆப்பின் கைக்குப் போகும். அவர்களில் யாரும் உங்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கவில்லை.

வாழ்த்து அனுப்ப இது தேவையே இல்லை. ஷேர் பொத்தானை அழுத்தினால் வாட்ஸாப் திறக்கும், ஆளை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள். காலண்டருக்கு ஒரு எண்ணும் தெரியவராது.

கடன் ஆப்கள் இந்த அனுமதியை வைத்து என்ன செய்தன என்பது தெரிந்த கதை. தவணை தாமதமானால் கடன் வாங்கியவரின் அலுவலகத்துக்கும் மாமனாருக்கும் போன் போகும். ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட டிஜிட்டல் கடன் விதிகளில், கடன் ஆப்கள் காண்டாக்ட்ஸ், அழைப்புப் பதிவு, போனில் உள்ள கோப்புகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று சொன்னது. 2023இல் கூகுள் பிளே ஸ்டோரும் கடன் ஆப்களுக்கு காண்டாக்ட்ஸையும் போட்டோக்களையும் மூடியது. ஆகவே இன்று ஒரு கடன் ஆப் காண்டாக்ட்ஸ் கேட்டால், பதிலை யோசிக்க வேண்டாம், ஆப்பை நீக்கிவிடலாம்.

படி 5: எஸ்எம்எஸ் கேட்டால், நமக்கு யார் எஸ்எம்எஸ் அனுப்புகிறார்கள் என்று சிரியுங்கள்

வங்கி அனுப்புகிறது. "send and view SMS messages" என்ற பெட்டிக்குச் சரி சொன்னால், அந்த ஆப் பழைய செய்திகளைப் படிக்கலாம், புதிதாக வருவதை வந்த நொடியில் படிக்கலாம், உங்கள் சிம்மிலிருந்து அனுப்பலாம். ஓடிபியும் எஸ்எம்எஸ்தான்.

"ஓடிபியை அதுவே நிரப்பிக்குமே, அதுக்குத்தானே?" என்று சித்தப்பா கேட்டார். அதற்கு இந்த அனுமதி வேண்டாம். ஆப்பின் அடையாளக் குறியோடு வரும் அந்த ஒரு செய்தியை மட்டும் ஆண்ட்ராய்டே எடுத்துக் கொடுக்கும். அல்லது அந்தச் செய்தியை உங்களுக்குக் காட்டி "இதைப் படிக்கலாமா" என்று கேட்கும்.

அதே பெட்டி யுபிஐ ஆப்பில் வந்தால் கதை வேறு. கணக்கை இணைக்கும்போது அந்த ஆப் உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, இந்த எண் இந்த போனில்தான் இருக்கிறது என்று உறுதி செய்கிறது. அங்கே அனுமதி கொடுக்காவிட்டால் வேலை நடக்காது. ஒரே வாசகம், ஒரே பொத்தான். ஓரிடத்தில் "சரி", இன்னோரிடத்தில் "வேண்டவே வேண்டாம்". படி 1இல் வெட்டி எறிந்த பெயரை இப்போது தேடுங்கள்.

2019இலிருந்து பிளே ஸ்டோர், எஸ்எம்எஸ் அனுமதியை அது இல்லாமல் ஓடவே முடியாத வகை ஆப்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. காலண்டர் அந்த வகையில் வராது. அப்படியும் கேட்கிறதென்றால், அது ஸ்டோரிலிருந்துதான் வந்ததா என்று பார்க்க வேண்டும். சித்தப்பாவுடையது வாட்ஸாப்பில் ஒருவர் அனுப்பிய .apk கோப்பு. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதச் சீட்டு என்ற பெயர்களில் சுற்றும் மோசடிக் கோப்புகளும் இதே வழியில்தான் வருகின்றன. வங்கியின் ஓடிபியை வேறு எண்ணுக்குக் கடத்துவது அவற்றின் வேலை.

படி 6: பெட்டியே வராத அனுமதியைப் பற்றிக் கேட்காதீர்கள்

சில ஆப்கள் பெட்டி காட்டாமல் உங்களைச் செட்டிங்ஸுக்குள் கைப்பிடித்து அழைத்துப் போகும்: "Accessibility" பகுதிக்குப் போய் இந்தப் பொத்தானை ஆன் செய்யுங்கள் என்று. பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் ஆப்கள் வேலை செய்வதற்காக இருக்கும் வசதி அது. ஆன் செய்தால் அந்த ஆப் திரையில் உள்ளதைப் படிக்கலாம், உங்கள் விரலுக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தலாம். அழுத்தக்கூடியவற்றில் "Allow"வும் உண்டு. அதன் பிறகு நீங்கள் யாருக்கும் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிச் சிரமப்பட வேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டு 13 முதல், ஸ்டோருக்கு வெளியே வந்த ஆப்புக்கு இந்தப் பொத்தான் மங்கி நிற்கும். தொட்டால் "Restricted setting" என்று வரும். அந்தப் பூட்டை எப்படித் திறப்பது என்று யாராவது போனிலேயே சொல்லித் தந்தால், அழைப்பைத் துண்டிக்கும் நேரம் அது.

படி 7: படத்தை இப்படி அனுப்புங்கள்

மூன்று விவரம் போதும்: ஆப்பின் பெயர் என்ன, எங்கிருந்து ஏற்றியது, எந்தப் பொத்தானை அழுத்தியதும் பெட்டி வந்தது. பதில் வரும்வரை "Don't allow".

அனுப்புமுன் படத்தின் உச்சியை ஒரு தடவை பாருங்கள். காலண்டருக்கு எஸ்எம்எஸ் கொடுக்கலாமா என்று சித்தப்பா கவலைப்பட்டு அனுப்பிய படத்தில், அந்த நேரம் பார்த்து வந்திறங்கிய வங்கிச் செய்தி, ஆறு இலக்க ஓடிபியோடு மேலே பளிச்சென்று இருந்தது. குரூப்பில் இருந்த அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டார்கள், எந்த அனுமதியும் இல்லாமல்.