கொடுத்தது ஏக்கர், வந்தது காகிதம்

ஆந்திராவின் அமராவதியில் 2015-இல் தலைநகருக்காக நிலம் திரட்டினார்கள். பறிக்கவில்லை, விலையும் தரவில்லை, ‘கூட்டாளி’ ஆக்கினார்கள். கிருஷ்ணைக் கரையில் முப்போகம் விளையும் ஒரு ஏக்கர், அதாவது 4,840 சதுர கஜம் கொடுத்தால், குடியிருப்புக்கு 1,000, வணிகத்துக்கு 450 சதுர கஜம் மனையாகத் திரும்பி வரும். முப்பது சதவீதம்தான். மீதி சாலைக்கும் பூங்காவுக்கும் அரசுக்கும் போய்விடும். ஆனால் மனை மதிப்பு பன்மடங்காகும் என்றார்கள். கணக்கு சரிதான், நகரம் வந்தால்!

குலுக்கலில் மனை எண் கிடைத்தது. தேடிப் போனால் முட்புதர். 2019-இல் ஆட்சி மாறியது. தலைநகர் ஒன்றல்ல, மூன்று என்றார்கள். மூன்று மாதத்தில் மனைகளை மேம்படுத்தித் தரும்படி 2022-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. மாதங்கள் ஓடின, மனை வரவில்லை. 2024-இல் மறுபடி ஆட்சி மாறிய பிறகே வேலை மீண்டும் தொடங்கியது.

நிலம் கொடுத்ததற்கு அரசு தரும் ஆண்டுத்தொகை நில உரிமையாளருக்கு உண்டு. குத்தகைக்கு உழுதவருக்கு மனையும் இல்லை, வயலும் இல்லை. உங்கள் ஊருக்கும் கூட்டாளி தேடி வந்தால், மனை எத்தனை கஜம் என்பதோடு எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன இழப்பீடு என்பதையும் எழுதி வாங்குங்கள்.